பிரீமியம் கட்டாதவருக்கு வரும் கடிதம்

ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டத் தவறினால் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வரும். கையில் வாங்குகிறவர்கள் வழக்கமாக அதில் இரண்டைத்தான் தேடுவார்கள்: எவ்வளவு கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும். நடுவில் இருக்கும் நான்கைந்து வாக்கியங்கள் சட்ட நடையில் இருப்பதால் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். குடும்பத்துக்குப் பணம் வருமா வராதா என்பது பிற்பாடு ஒரு நாள் அந்த வாக்கியங்களை வைத்துத்தான் முடிவாகிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு பாலிசியை வைத்துக்கொள்வோம். ஐந்து லட்ச ரூபாய்க்கு, 2023 டிசம்பர் 10 அன்று தொடங்கியது. அரையாண்டுக்கு ஒருமுறை 12,000 ரூபாய். முதல் மூன்று தவணைகளை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். 2025 ஜூன் 10 அன்று கட்ட வேண்டிய நான்காவது தவணை விட்டுப்போயிற்று. வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார். அன்று கணக்கில் போதிய பணம் இல்லை. ஏஜென்ட்டுகள் இந்த ஜூன் 10-ஐ ‘எஃப்.யு.பி. தேதி’ என்பார்கள், அதாவது முதன்முதலாகக் கட்டாமல் விட்ட தவணையின் தேதி. இனி எல்லாக் கெடுவும் இந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

அவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அது மோசமான கடிதம்: “நீங்கள் பிரீமியம் கட்டாததால் உங்கள் பாலிசி ரத்து செய்யப்பட்டது. உடனே பணம் கட்டினால் பாலிசி மீண்டும் தொடரும்.” சுருக்கமாக, எளிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாக்கியமும் தவறு. முதலாவது நடக்காத ஒன்றைச் சொல்கிறது. இரண்டாவது நிறுவனம் தர முடியாத ஒரு வாக்குறுதியைத் தருகிறது.

கவனமாக எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மேற்கண்ட பாலிசிக்கு 10.6.2025 அன்று செலுத்த வேண்டிய அரையாண்டுப் பிரீமியம் ரூ.12,000, இக்கடிதத் தேதியான 21.7.2025 வரை எங்கள் கணக்கில் வரவாகவில்லை. இதற்கான 30 நாள் சலுகைக் காலம் 10.7.2025 அன்று முடிந்தது. ஆகவே பாலிசி நிபந்தனைகளின்படி தங்கள் பாலிசி காலாவதி நிலையில் உள்ளது. அந்நிலை நீடிக்கும் வரை இப்பாலிசியின்கீழ் இறப்புப் பயன் உள்ளிட்ட எப்பயனும் வழங்கப்படாது.

முதலில் செலுத்தப்படாத பிரீமியத்தின் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பாலிசியைப் புதுப்பிக்கத் தாங்கள் விண்ணப்பிக்கலாம். நிலுவைப் பிரீமியம், வட்டி, உடல்நிலை பற்றிய உறுதிமொழி ஆகியவற்றைப் பெற்றுப் பரிசீலித்தபின், விண்ணப்பத்தை ஏற்கவோ, மாற்றிய நிபந்தனைகளுடன் ஏற்கவோ, மறுக்கவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே புதுப்பித்தல் நடைமுறைக்கு வரும். அதற்குமுன் பெறப்படும் தொகை வைப்பாகவே இருக்கும். அதைப் பெற்றுக்கொண்டதை மட்டும் கொண்டு பாலிசி புதுப்பிக்கப்பட்டதாகக் கருத இயலாது.

இந்தப் பிரீமியத்தைத் தாங்கள் ஏற்கெனவே செலுத்தியிருந்தால், ரசீது விவரத்துடன் எங்களைத் தொடர்புகொள்ளவும்.”

முதலில் ‘ரத்து’ என்ற சொல் ஏன் இதில் இல்லை என்று பார்ப்போம். ரத்து என்பது நிறுவனம் செய்யும் ஒரு செயல். ஆயுள் பாலிசி அப்படி முடிவதில்லை. சலுகைக் காலம் முடியும்வரை தவணை வராவிட்டால், பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைப்படி அது தானாகக் காலாவதியாகிறது. கடிதம் அதைச் செய்வதில்லை, நடந்ததைத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். எனவே தபால் தாமதமானாலும், பழைய முகவரிக்குப் போனாலும், வரவே வராவிட்டாலும் பாலிசி ஜூலை 10-ஓடு காலாவதிதான். ‘எனக்குக் கடிதமே வரவில்லை’ என்ற வாதம் இங்கே பொதுவாக எடுபடாது.

சட்டம் இதில் கொஞ்சம் கையிறுக்கமாகத்தான் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, தவணை தவறிய தேதியிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள், பாலிசிதாரருக்கு என்னென்ன வழிகள் உள்ளன என்று நிறுவனம் அறிவிக்க வேண்டும் என்கிறது. நம் உதாரணத்தில் செப்டம்பர் 10-க்கு முன்பு. ஆனால் அதே பிரிவு, அந்த வழிகள் பத்திரத்திலேயே சொல்லப்பட்டிருந்தால் தனியாக அறிவிக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. பத்திரங்களில் அவை அச்சாகித்தான் வருகின்றன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டம் இதற்கு நேர்மாறானது. சில வகைப் பாலிசிகள் நீங்கலாக, தவணைத் தேதிக்கு 15 முதல் 45 நாள் முன்பாக நிறுவனம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாவிட்டால், தவணை தவறி ஓராண்டு ஆகும்வரை பாலிசியைக் காலாவதி என்று சொல்ல முடியாது. இங்கும் அப்படி ஒரு விதி இருந்தால் பல குடும்பங்கள் பிழைக்கும் என்பது என் எண்ணம். இன்றைக்கு இல்லை. தேதியை நினைவில் வைக்கும் பொறுப்பு பாலிசிதாரரின் தலையில்தான் இருக்கிறது.

வாகனக் காப்பீட்டில் நிலைமை வேறு. அங்கே பிரீமியத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பினால், நிறுவனம் பாலிசியை உண்மையாகவே ரத்து செய்ய வேண்டும். செய்ததை உரிமையாளருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்தக் கடிதத்தின் தேதியை வைத்தே வழக்கு திரும்பிவிடும். உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்த்த ஒரு வழக்கில், விபத்து நடந்தது 2004 மே 11. நிறுவனம் ரத்து செய்தது மே 13. காசோலை திரும்பியிருந்தும், விபத்து நடந்த நாளில் ரத்துக் கடிதம் போய்ச் சேராததால், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. 2007-இல் வந்த வேறொரு வழக்கில் ரத்தும் அறிவிப்பும் விபத்துக்கு முன்பே முடிந்திருந்ததால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. ஆகவே வாகன பாலிசிக்கு எழுதும் வாசகத்தை ஆயுள் பாலிசிக் கடிதத்தில் ஒட்டுவது வெறும் சொற்பிழை ஆகாது. ஆயுள் பாலிசிக் கடிதத்தில் “இன்று ரத்து செய்கிறோம்” என்று எழுதிவிட்டால், “அப்படியானால் நேற்றுவரை பாலிசி உயிரோடு இருந்ததா?” என்று வக்கீல் கேட்பார். நிறுவனம் தானே போட்டுக்கொண்ட முடிச்சு அது.

அடுத்து சலுகைக் காலம். மாதத் தவணைக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாள். இந்த நாட்களை வெறும் தவணை நீட்டிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் மேலானது இது: அந்த நாட்களில் பாதுகாப்பு முழுதாக இருக்கிறது. நம் பாலிசிதாரர் ஜூலை 2-ஆம் தேதி இறந்திருந்தால், தவணை கட்டாத நிலையிலும் குடும்பத்துக்கு ஐந்து லட்சத்தில் 12,000 ரூபாய் கழித்து மீதி வந்திருக்கும். அந்தப் பாலிசி ஆண்டில் இன்னும் தவணைகள் பாக்கி இருந்தால் அவற்றையும் கழிப்பதற்குப் பல பத்திரங்களில் இடமுண்டு. இவருக்கு ஆண்டு டிசம்பரில் முடிவதால், ஒரு தவணைதான் பாக்கி. ஜூலை 12-ஆம் தேதி இறந்திருந்தால்? ஒன்றும் இல்லை. 2023-இல் எடுத்த இவ்வகைப் பாலிசியில் முழுதாக இரண்டு ஆண்டுப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் ஏதாவது மதிப்பு சேரும். இவர் கட்டியது ஒன்றரை ஆண்டு. அந்த 36,000 ரூபாயும் போயிற்று. 2024 அக்டோபர் முதல் வந்த புதிய விதிகளில் முதல் ஆண்டுப் பிரீமியத்தை முழுதாகக் கட்டி, அந்த ஆண்டும் முடிந்திருந்தால் ஓரளவு சரண்டர் தொகை கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். பழைய பத்திரங்களுக்கு அவற்றில் அச்சிட்ட நிபந்தனைதான்.

இதனால்தான் சலுகைக் காலத்துக்குள் வரும் கடிதமும், அது முடிந்தபின் வரும் கடிதமும் ஒரே வாசகத்தில் இருக்கக்கூடாது. முதல் கடிதத்தில், “10.7.2025-க்குள் செலுத்தினால் பாலிசி தடையின்றித் தொடரும்” என்று உறுதியாகவே சொல்லலாம். அப்போது டாக்டர் சான்றிதழ் வேண்டாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம். இரண்டாவது கடிதத்தில் ‘தொடரும்’ என்ற சொல்லே வரக்கூடாது. “30 நாள் சலுகை உண்டு” என்று மட்டும் எழுதிவிட்டு முடியும் தேதியைப் போடாத கடிதங்களும் உண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுவது, கடிதம் வந்த நாளா, தவணை நாளா என்று படிப்பவர் குழம்புவார். தேதியை எழுத ஒரு வரி கூடச் செலவாகாது. அதை எழுதாதது பெரிய குறை.

மேலே உள்ள கடிதத்தில் என் கண்ணுக்கு மிக முக்கியமானது புதுப்பித்தல் பகுதி. “விண்ணப்பிக்கலாம்” என்று இருக்கிறது, “புதுப்பிக்கலாம்” என்று இல்லை. காலாவதியான பாலிசியைப் புதுப்பிப்பது பாலிசிதாரர் கேட்டதும் கிடைக்கும் உரிமை கிடையாது. நிறுவனம் அவருடைய உடல்நிலையை மறுபடி எடைபோட்டு, ஏறக்குறையப் புதிய பாலிசிக்கு முடிவெடுப்பதுபோல் முடிவெடுக்கிறது. எல்.ஐ.சி.யில் 680-ஆம் எண் படிவத்தில் உடல்நலம் பற்றிக் கேட்பார்கள். தொகையும் வயதும் கூடினால் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். நம் பாலிசிதாரர் 2026 ஜனவரியில் புதுப்பிக்க வருகிறார் என்றால், ஜூன், டிசம்பர் தவணைகள் இரண்டும் சேர்த்து 24,000 ரூபாய், அதற்கு வட்டி, இந்தப் படிவம் ஆகிய மூன்றும் வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்திருந்தால் அதைப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 45-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒரு ஆயுள் பாலிசியை மூன்று ஆண்டு கடந்தபின் எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்பது அந்தப் பிரிவு தரும் பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் பாலிசி வழங்கிய நாள், பாதுகாப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள் போன்றவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். ஒழுங்காகக் கட்டியிருந்தால் இவருக்கு 2026 டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு வந்திருக்கும். 2026 ஜனவரியில் புதுப்பித்தால் 2029 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை, மறைத்த சர்க்கரை நோயைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு வழி திறந்திருக்கிறது. இந்த விஷயத்தைச் சொல்லும் காலாவதிக் கடிதம் எதையும் நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்றாலும், நேர்மையான நிறுவனம் ஒரு வரி சேர்க்கலாம்.

“அதற்குமுன் பெறப்படும் தொகை வைப்பாகவே இருக்கும்” என்பது நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் வாக்கியம். தாமதமான பிரீமியத்தைக் கவுன்டரிலோ இணையத்திலோ கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டே போனால், “நீங்களே கெடுவை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்” என்று பாலிசிதாரர் பின்னால் வாதாடலாம். அந்தக் கதவை இந்த வாக்கியம் சாத்துகிறது. பாலிசிதாரருக்கு இதன் பொருள், பணம் கட்டிய ரசீது கையில் இருந்தாலும் பாலிசி இன்னும் காலாவதியாகவே இருக்கலாம் என்பதுதான்.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் முடித்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2011 ஏப்ரலில் எடுத்த பாலிசி, அரையாண்டுத் தவணை. 2011 அக்டோபர் 14 அன்று கட்ட வேண்டியதைக் கட்டவில்லை. 2012 மார்ச் 6 அன்று பாலிசிதாரர் விபத்தில் சிக்கினார். மார்ச் 9 அன்று பாக்கிப் பிரீமியம் கட்டப்பட்டது. விபத்து நடந்ததை நிறுவனத்திடம் சொல்லவில்லை. மார்ச் 21 அன்று அவர் இறந்தார். அடிப்படைத் தொகையான 3,75,000 ரூபாயை எல்.ஐ.சி. கொடுத்துவிட்டது. விபத்து இறப்புக்கான கூடுதல் 3,75,000 ரூபாயை மறுத்தது, மனைவி வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. விபத்துப் பயன் வேண்டுமானால் விபத்து நடந்த நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மார்ச் 6 அன்று அது காலாவதியாகிக் கிடந்தது. மார்ச் 9 அன்று கட்டிய பணம் அந்த நாளைத் திருத்தி எழுதாது. கடிதத்தில் “ஒப்புதல் தந்த பிறகே நடைமுறைக்கு வரும்” என்று இருப்பதன் முழுப் பொருள் இதுதான்.

கடைசி வாக்கியம் மரியாதைக்குப் போட்டதுபோல் தெரியும்: ஏற்கெனவே செலுத்தியிருந்தால் தெரிவிக்கவும். இதற்கும் முதல் வாக்கியத்தில் உள்ள “வரவாகவில்லை” என்ற சொல்லுக்கும் தொடர்பு உண்டு. “நீங்கள் கட்டவில்லை” என்று நிறுவனம் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குத் தெரிந்தது தன் கணக்கு மட்டும்தான். பணம் இடையில் எங்காவது நிற்கலாம், ஏஜென்ட்டின் பையில்கூட. காசோலையையோ ரொக்கத்தையோ ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நம்மில் அநேகர். 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றில் பாலிசிதாரர் 1987 ஜூனில், சலுகைக் காலம் தாண்டியபின், ஏஜென்ட்டிடம் காசோலை கொடுத்தார். ஏஜென்ட் அதைப் பணமாக்கிக்கொண்டார். ஆகஸ்ட் 9 அன்று பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். ஏஜென்ட் மறுநாள் ஆகஸ்ட் 10 அன்று பணத்தை அலுவலகத்தில் கட்டினார். பிரீமியம் வசூலிக்க அந்த ஏஜென்ட்டுக்கு அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்தது ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே கடிதம் கைக்கு வந்ததும் முதலில் அதில் எழுதியிருக்கும் சலுகைக் காலத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். அது இன்னும் வராவிட்டால், அன்றே நிறுவனத்தின் கவுன்டரிலோ இணையதளத்திலோ கட்டிவிடுங்கள், யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். தேதி போய்விட்டதென்றால், கிளைக்குப் போய் நிலுவை, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், உடல்நலப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்த தாளில் கையெழுத்து மட்டும் போடும் பழக்கத்தால் கெட்ட கோரிக்கைகள் நிறைய. நிலுவை பெரிய தொகையாகிவிட்டதென்றால், எல்.ஐ.சி. அவ்வப்போது நடத்தும் சிறப்புப் புதுப்பித்தல் முகாமில் தாமதக் கட்டணத்தில் சலுகை தருவார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் பாதுகாப்பு இல்லை என்பதை மறக்கக்கூடாது. பணம் கட்டியபின் சும்மா இருக்காமல், “பாலிசி புதுப்பிக்கப்பட்டது” என்று தேதியுடன் சொல்லும் ரசீதையோ கடிதத்தையோ கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை உடல்நிலையில் ஏதாவது மாற்றம் நேர்ந்தால் அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நிறுவனம் தவறாகக் காலாவதி என்று சொல்கிறது, கட்டியதை வரவு வைக்கவில்லை, அல்லது காரணம் சொல்லாமல் புதுப்பிக்க மறுக்கிறது என்று பட்டால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. போகும்போது பத்திரம், கடைசி ரசீது, அந்தக் கடிதம், அது வந்த உறை ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரைத் தேதியும் ஒரு சாட்சியம்தான்.